ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து பேரேட்டுக்கு

கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. பத்து வருடங்களுக்கு முன்பு வாடிக்கையாளர்கள் மஞ்சள் பையில் பில்களைக் கட்டிக்கொண்டு வருவார்கள். இப்போது பை வருவதில்லை, வாட்ஸ்அப்பில் படங்கள் வருகின்றன. பணம் செலுத்தும் செயலியைத் திறந்து, பரிவர்த்தனை வரலாற்றை விரலால் தள்ளித் தள்ளிப் படம் பிடித்து, "எல்லாம் இதுல இருக்கும்மா, பாத்து எழுதிக்கோங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் படத்தைத் தேதி, பெற்றவர், தொகை, நிலை என்று நான்கு கட்டமாக எழுதி எடுப்பது எளிய வேலை போலத் தெரியும். எழுத்தைப் பார்த்து எழுத்தை அடிப்பதுதானே என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: கண்ணுக்குக் காட்டுவதற்காக அடுக்கிய திரை ஒன்று, கணக்குக்காக எழுதும் வரிசை இன்னொன்று. திரை பலவற்றைச் சொல்லாமல் விடுகிறது. அந்த இடைவெளியை எழுதுகிறவர் தன்னையறியாமல் நிரப்பிவிடுகிறார். தவறுகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நான்கு கட்டங்களில் தேதியும் பெற்றவரும் தொகையும் நடந்து முடிந்த சங்கதிகள். நாளைக்குப் பார்த்தாலும் அவை மாறுவதில்லை. நிலை மட்டும் அப்படிப்பட்டதில்லை. படம் பிடித்த நொடியில் எப்படி இருந்ததோ அதைத்தான் அது சொல்லும், அடுத்த நாளே மாறியிருக்கலாம். ஆகவே நான்கையும் ஒரே நம்பிக்கையோடு எழுதக்கூடாது என்பது என் கருத்து. ஏன் என்பதை ஒரே ஒரு படத்தை வைத்துக் காட்டுகிறேன்.

கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் ஒரு மாஸ்டர் எங்கள் வாடிக்கையாளர். 2025 ஜனவரி 5 அன்று அவர் அனுப்பிய படத்தின் ஒரு பகுதி கிட்டத்தட்ட இப்படி இருந்தது. பெயர்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன், அமைப்பு அதேதான்.

```
Today
Sri Murugan Stores       ₹1,480   10:42 am
Selvi R                + ₹3,000    8:05 am
Yesterday
Kumar Gas Service        ₹1,910    7:18 pm
Kumar Gas Service        ₹1,910    7:15 pm  Failed
31 Dec
Anbu Paper Plates          ₹874    9:12 pm  Pending
Annai Vegetable Ma…      ₹2,365    5:40 am
```

கூடவே ஒரு குரல் பதிவு: "போனது மொத்தம் எட்டாயிரத்து ஐந்நூத்தி முப்பத்தொன்பது, கூட்டிட்டேம்மா." திரையில் கூட்டல் குறி இல்லாத ஐந்து தொகைகளையும் கூட்டினால் 8,539 வரும். கூட்டலில் பிழையே இல்லை. ஆனால் கடைசியில் அவர் கணக்கை விட்டுப் போன பணம் 5,755 ரூபாய்தான். ஆறு வரிக்குள் 2,784 ரூபாய் வித்தியாசம்.

முதலில் தேதி

படத்தில் `Today` என்று இருக்கிறது. எந்த நாள்? படம் எனக்கு வந்தது 5-ஆம் தேதி. வாட்ஸ்அப் அதற்கு `IMG-20250105-WA0012.jpg` என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரில் உள்ள தேதி வாட்ஸ்அப் வழியாகப் படம் வந்த நாள், படம் பிடித்த நாள் இல்லை. திரையின் மேல்விளிம்பில் இரவு 9:45 என்று மணி இருந்தது. ஆண்ட்ராய்டு போனின் மேல்விளிம்பு வழக்கமாக மணியைக் காட்டும், தேதியைக் காட்டாது. `Today` என்பதை 5-ஆம் தேதியாக எடுத்துக்கொண்டிருந்தால் முதல் நான்கு வரிகளும் மூன்று நாள் தள்ளிப் போயிருக்கும். திரையில் அடுத்து வரும் `31 Dec` கூட அந்தத் தவறைக் காட்டிக்கொடுத்திருக்காது. நடுவில் சில நாள் பணமே அனுப்பவில்லை என்று நினைத்துக் கடந்து போயிருப்பேன்.

மாஸ்டரிடம் போன் செய்து, அவருடைய கேலரியில் அந்தப் படத்தின் விவரத்தைத் திறந்து பெயரை வாசிக்கச் சொன்னேன். `Screenshot_20250102-214530` என்று வாசித்தார். 2025 ஜனவரி 2, இரவு 9 மணி 45 நிமிடம் 30 நொடி. போன் தானே வைத்த பெயர் இது. அப்படியானால் `Today` ஜனவரி 2, `Yesterday` ஜனவரி 1. `31 Dec` என்பது முந்தைய ஆண்டு, 2024. ஒரே திரையில் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன, திரையில் எங்குமே ஆண்டு எழுதப்படவில்லை.

இங்கே எக்செல் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. ஒரு கட்டத்தில் `31 Dec` என்று அடித்து என்டர் தட்டினால், கணினியில் அப்போது ஓடும் ஆண்டை அது தானாகச் சேர்த்துக்கொள்ளும். 2025-இல் அடித்தால் 2025 டிசம்பர் 31, அதாவது அடிக்கும்போது இன்னும் வராத ஒரு நாள். கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதோ `31-Dec` மட்டும்தான், ஆண்டு உள்ளே ஒளிந்திருக்கும். தேதிவாரியாக வரிசைப்படுத்தும்போது அந்த வரி கடைசிக்குப் போய் நிற்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இதற்காகவே நான் `2024-12-31` என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் முழுதாக அடிக்கிறேன். `02/01/2025` என்று அடித்தால், அமெரிக்க முறையில் அமைத்திருக்கும் கணினி அதைப் பிப்ரவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். ஆண்டை முன்னால் வைத்து எழுதும் தேதிக்கு அந்தக் குழப்பம் இல்லை.

பெற்றவர் பெயர்

பெயர்க் கட்டத்தில் என் விதி ஒன்றுதான்: திரையில் உள்ளது உள்ளபடி. `Annai Vegetable Ma…` என்று வெட்டுப்பட்டிருந்தால் வெட்டுப்பட்டபடியே எழுத வேண்டும். `Market` ஆக இருக்கலாம், `Mandi` ஆக இருக்கலாம், `Mart` ஆகவும் இருக்கலாம். மனம் சட்டென்று ஒன்றைத் தேர்ந்து நிரப்பிவிடும். நிரப்பிய பிறகு, அது திரையில் இருந்ததா நாம் சேர்த்ததா என்பது யாருக்கும் தெரியாது.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. போனில் நாம் சேமித்து வைத்த பெயராக இருக்கலாம், கடையின் கியூஆர் அட்டையில் உள்ள பெயராக இருக்கலாம், வங்கியில் பதிவான பெயராக இருக்கலாம். பழைய படங்களில் 'கேஸ் அண்ணன்', 'பால்கார அக்கா' என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். 2025-இல் தேசியப் பணம் செலுத்தல் கழகம் இதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பணம் போய்ச் சேரும் கணக்குக்கு வங்கியில் என்ன பெயர் பதிவாகியிருக்கிறதோ அதையே செயலிகள் காட்ட வேண்டும் என்று சொல்லி, ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தது. ஏமாற்றுப் பெயர்களைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு இது. கணக்கு எழுதுகிறவருக்கு இதனால் ஒரு பக்க விளைவு உண்டு. 2025-இன் முற்பாதியில் 'கேஸ் அண்ணன்' என்றிருந்தவர் பிற்பாதியில் வேறு பெயரில் வரக்கூடும். இருவரும் ஒருவரா என்பதை வாடிக்கையாளரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதையும் பெயர்க் கட்டத்தைத் திருத்தாமல் பக்கத்தில் ஒரு குறிப்புக் கட்டம் போட்டு எழுதினால், நாளைக்குத் திரும்பிப் பார்க்க வழி இருக்கும்.

தொகையும் இயந்திரக் கண்ணும்

பத்துப் பதினைந்து வரி என்றால் கையால் அடிப்பதே வேகம். ஒருவர் வாசிக்க, ஒருவர் அடிக்க, பிறகு அடித்தவர் திரும்ப வாசிக்க, மற்றவர் படத்தோடு சரிபார்க்க வேண்டும். பழைய முறைதான், இன்னும் இதை விஞ்சிய ஒன்றை நான் பார்க்கவில்லை. நூறு வரி வரும்போது மனம் குறுக்குவழி தேடும். போனில் உள்ள கூகுள் லென்ஸால் எழுத்தை நகலெடுக்கலாம். எக்செல் கைப்பேசிச் செயலியிலும் படத்திலிருந்து தரவை எடுக்கும் வசதி உண்டு. கணினியில் டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி இருக்கிறது. மூன்றையும் பயன்படுத்தியிருக்கிறேன், மூன்றிலும் இடறியிருக்கிறேன்.

முதல் இடறல் ரூபாய்க் குறி. `₹` என்ற இந்தக் குறி 2010-இல் வந்தது. எழுத்துணரிகள் பலவற்றுக்கு அது இன்னும் சரியாகப் பழகவில்லை. அதை `2` என்றோ `3` என்றோ `R` என்றோ வாசித்துவிடும். `R` என்றால் பரவாயில்லை, கண்ணில் படும். `2` என்றால்தான் ஆபத்து. `₹874` என்பது `2874` ஆகும், `₹1,480` என்பது `21,480` ஆகும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் பாதி வழிதான். செயலி ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகைக்கு எப்போதும் காற்புள்ளி போடும் என்றால், காற்புள்ளி இல்லாத `2874` என்ற நான்கு இலக்க எண் திரையில் இருந்திருக்கவே முடியாது. முன்னால் நிற்கும் `2` ரூபாய்க் குறிதான் என்று அங்கே உறுதியாகச் சொல்லிவிடலாம். `21,480` விஷயத்தில் இந்தச் சோதனை தோற்றுவிடுகிறது. அது நியாயமான ஐந்து இலக்க எண்ணாகவே தெரியும். லட்சத்தைத் தொடும்போது மறுபடியும் பிடிபடும். `₹48,500` என்பது `248,500` என்று வந்தால், நம் முறையில் அது `2,48,500` என்று இருந்திருக்க வேண்டும் என்பதால் காற்புள்ளியின் இடமே காட்டிக்கொடுக்கும். ஆக மூன்று இலக்கத் தொகையிலும் ஐந்து இலக்கத் தொகையிலும் தப்பு வெளியே தெரியும், நான்கு இலக்கத் தொகையில் தெரியாது. மளிகைக்கும் காய்கறிக்கும் கேஸுக்கும் கொடுக்கும் தொகைகளோ பெரும்பாலும் நான்கு இலக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தத் தொகைகளை மட்டுமாவது ஒவ்வொன்றாகப் படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

இரண்டாவது இடறல் கறுப்புத் திரை. இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று பலர் செயலியைக் கறுப்புப் பின்னணியில் வைத்திருக்கிறார்கள். டெசராக்டின் நான்காம் பதிப்பிலிருந்து, வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்தைக் கொடுத்தால்தான் ஒழுங்காக வாசிக்கும். படத்தை முதலில் தலைகீழ் நிறமாக்கி, இரண்டு மடங்கு பெரிதாக்கிக் கொடுத்தால் நல்ல வித்தியாசம் தெரிகிறது:

```
magick hist.png -colorspace Gray -negate -resize 200% h2.png
tesseract h2.png out -l eng --psm 6 tsv
```

வெள்ளைத் திரைப் படமென்றால் `-negate` வேண்டாம். பெயர்களில் தமிழ் எழுத்து இருந்தால் `eng+tam` என்று கொடுக்கலாம். தமிழ் இல்லாத படத்துக்கு அதைச் சேர்த்தால் எண்களுக்கு நடுவே தமிழ் எழுத்து முளைக்கும் தொல்லை எனக்கு வந்திருக்கிறது.

கடைசியில் உள்ள `tsv` என்ற சொல் முக்கியம். அது ஏன் என்று சொல்லுமுன் மூன்றாவது இடறலைச் சொல்ல வேண்டும். மூன்றில் மோசமானது இதுதான்.

எழுத்துணரி படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கும் என்று நினைக்கிறோம். சில நேரம் அது படத்தை இரண்டு பத்தியாகப் பார்த்து, இடப்பக்கம் உள்ள பெயர்களையெல்லாம் முதலில் கொட்டி, பிறகு வலப்பக்கம் உள்ள தொகைகளைக் கொட்டும். ஆறு பெயர், ஆறு தொகை. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் சரியாகப் பொருந்திவிடும். அந்தப் பொருத்தமே நம்மை ஏமாற்றும். ஏனென்றால் நிலைச் சொற்கள் ஆறு இல்லை, `Failed`, `Pending` என்று இரண்டுதான். அவற்றை மூன்றாவது பத்தியாக ஒட்டினால் `Failed` போய் முதல் வரியில் மளிகைக் கடைக்குப் பக்கத்தில் உட்காரும். `Pending` இரண்டாவது வரிக்கு, பணம் கொடுத்த செல்விக்குப் போகும். மளிகைக் கடைக்குக் கொடுத்த 1,480 தோல்வி, கேஸுக்கு இரண்டு முறை கொடுத்தது வெற்றி என்று ஒரு கணக்கு உருவாகிவிடும். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்கும், கணக்கு மட்டும் முழுப் பொய்யாக இருக்கும்.

`tsv` என்று கேட்டால் டெசராக்ட் ஒவ்வொரு சொல்லோடும் அது படத்தில் இருந்த இடத்தையும் தரும். `left` என்றால் இடது விளிம்பிலிருந்து எத்தனை புள்ளி, `top` என்றால் மேல் விளிம்பிலிருந்து எத்தனை புள்ளி. ஒரு பெயரின் `top` 1210 என்றும் அடுத்த பெயரின் `top` 1402 என்றும் வைத்துக்கொள்வோம். இந்த இரண்டுக்கும் நடுவே, 1268-இல் `Failed` இருந்தால் அது முதல் பெயருக்குச் சொந்தம். இவ்வளவுதான் விதி. எந்தச் சொல் எத்தனையாவது என்று எண்ணாமல், எந்தப் பெயருக்கும் எந்தப் பெயருக்கும் நடுவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கையால் ஒட்டுகிறவர்களும் இதையே கண்ணால் செய்யலாம். முதலில் படத்தில் நிலைச்சொல் உள்ள வரிகளை மட்டும் தேடி, பெயரையும் மணியையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பிறகு மற்றதை ஒட்டினால் போதும்.

இன்னொரு சிறு விஷயம். ஒட்டிய தொகைகள் `₹1,480` என்று குறியோடு வந்தால், இந்திய அமைப்பில் இல்லாத கணினியில் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்தை `SUM` கூட்டாது, தவறு என்றும் சொல்லாது, சும்மா விட்டுவிடும். எண் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். நிரலை ஒருமுறை கண்ணால் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

தொகையோடு திசையையும் எழுத வேண்டும். செல்வியின் 3,000-க்கு முன்னால் ஒரு கூட்டல் குறி மட்டும்தான் வந்த பணம் என்பதற்கு அடையாளம். சில செயலிகளில் பச்சை நிறம்தான் அடையாளம். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் அது போய்விடும். போனதற்குக் கழித்தல் குறி, வந்ததற்குக் குறி வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் தனிக் கட்டம் தேவைப்படாது.

ஒரே வரி இரண்டு முறை

மாஸ்டர் அன்று அனுப்பியது ஏழு படங்கள். திரையைத் தள்ளித் தள்ளிப் பிடித்தவை. முதல் படத்தின் கடைசி இரண்டு வரிகள் அடுத்த படத்தின் முதல் இரண்டு வரிகளாகத் திரும்ப வரும். அவற்றை இரண்டாவது முறை எழுதக்கூடாது. இதில் சிரமம் எங்கே என்றால், ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே தொகை இரண்டு முறை உண்மையாகவே கொடுத்திருக்கலாம். காலையில் இருபது ரூபாய்க்கு டீ, மாலையில் இருபது ரூபாய்க்கு டீ. எக்செலில் 'நகல்களை நீக்கு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தேதி, பெற்றவர், தொகை, நிலை நான்கும் ஒன்றாக இருக்கும் வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது அழித்துவிடும். மாலை டீ காணாமல் போகும். அந்தப் பொத்தானை இந்த வேலையில் தொடவே கூடாது என்பேன்.

வரியை வரியோடு ஒப்பிடாமல் தொடரைத் தொடரோடு ஒப்பிட வேண்டும். முதல் படத்தின் கடைசி இரண்டு மூன்று வரிகள் அதே வரிசையில், அதே மணியோடு அடுத்த படத்தின் தலையில் இருந்தால் அது மேற்பொருந்தல். இல்லாவிட்டால் இரண்டும் தனித்தனி. ஒரு வரிகூட மேற்பொருந்தாத இரண்டு படங்கள் அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஏதோ விடுபட்டிருக்கலாம். அப்போது படத்தைத் திரும்பப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

நிலை

இப்போது கடைசிக் கட்டத்துக்கு வருவோம். மாஸ்டரின் திரையில் நான்கு வரிகளில் நிலையே எழுதப்படவில்லை. பல செயலிகளில் இதுதான் வழக்கம். வெற்றி என்றால் ஒன்றும் எழுதுவதில்லை, தோல்வியையும் நிலுவையையும் மட்டும் குறிப்பார்கள். ஒரே திரையில் `Failed` என்ற குறி ஓரிடத்தில் இருப்பதால், குறியில்லாதவை வெற்றி என்று ஊகிக்க நியாயம் இருக்கிறது. ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இருந்தாலும் நகலெடுக்கும்போது 'வெற்றி' என்று எழுத மாட்டேன். திரை அப்படிச் சொல்லவில்லையே. கட்டத்தை வெறுமையாகவும் விட மாட்டேன். வெறுமை என்றால் எழுத மறந்ததா, திரையில் இல்லையா என்று பிறகு தெரியாது. ஆகவே 'குறியில்லை' என்றே எழுதுகிறேன். ஆறு வரிகளும் இப்படி வந்தன:

```
date,payee,amount,status
2025-01-02,Sri Murugan Stores,-1480.00,குறியில்லை
2025-01-02,Selvi R,3000.00,குறியில்லை
2025-01-01,Kumar Gas Service,-1910.00,குறியில்லை
2025-01-01,Kumar Gas Service,-1910.00,Failed
2024-12-31,Anbu Paper Plates,-874.00,Pending
2024-12-31,Annai Vegetable Ma…,-2365.00,குறியில்லை
```

கோப்பின் தலையில் ஒரு வரி: 'படம் பிடித்தது 2025-01-02, இரவு 9:45.' நிலைக் கட்டம் முழுவதும் அந்த நேரத்துக்கு மட்டும் உண்மை என்பதற்கு அதுதான் சாட்சி.

கேஸ் வரி இரண்டைப் பாருங்கள். திரை புதியதை மேலே வைப்பதால் 7:15-க்குத் தோற்றது கீழேயும் 7:18-க்குத் திரும்ப அனுப்பியது மேலேயும் இருக்கிறது. தோற்றதையும் சேர்த்துக் கூட்டியதால் மாஸ்டர் கணக்கில் 1,910 அதிகமாகிவிட்டது. ஆனால் `Failed` என்ற சொல்லில் இரண்டு வகை உண்டு. கணக்கிலிருந்து பணமே எடுபடாமல் தோற்பது ஒன்று. எடுபட்டு, எதிர்ப்பக்கம் சேராமல் திரும்பி வருவது இன்னொன்று. வரலாற்றுத் திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வங்கி ஸ்டேட்மென்டில் முதல் வகைக்கு வரியே இருக்காது. இரண்டாம் வகைக்குப் பற்று ஒன்று, வரவு ஒன்று என இரண்டு வரி இருக்கும்.

திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்பதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் வரம்பு வைத்திருக்கிறது. யுபிஐ-யில் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பி, சேராமல் போனால், பரிவர்த்தனை நடந்த நாளுக்கு அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கொடுத்து, கடைக்கு உறுதிச் செய்தி வராமல் போனால் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும், வாடிக்கையாளர் கேட்காமலேயே. நிலுவை வரியைப் பார்த்ததும் நாள் எண்ணத் தொடங்க இதுதான் அடிப்படை. தேதிக் கட்டம் பிழையாக இருந்தால் இந்த எண்ணிக்கையும் பிழையாகும்.

பேப்பர் பிளேட் கடையின் 874 ரூபாய் படம் பிடித்தபோது நிலுவையில் இருந்தது. ஜனவரி கடைசியில் வந்த வங்கி ஸ்டேட்மென்டில் டிசம்பர் 31 அன்று 874 பற்று, ஜனவரி 3 அன்று 874 வரவு. ஐந்து நாள் வரம்புக்குள் திரும்பிவிட்டது. மாஸ்டருக்கு அது தெரியவே தெரியாது. கடைக்காரர் வந்து கேட்டபோது கையில் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். படத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்தச் செலவு இரண்டு முறை ஏறியிருக்கும், ஒருமுறை யுபிஐ-யில், ஒருமுறை ரொக்கத்தில். நான் எழுதிய வரியிலும் தப்பில்லை, அவர் பிடித்த படத்திலும் தப்பில்லை. ஜனவரி 2 இரவு அது உண்மையாகவே நிலுவைதான்.

எண் எங்கே இருக்கிறது

வரிசையை வங்கி ஸ்டேட்மென்டோடு பொருத்தத் தேதியும் தொகையும் போதும் என்று தோன்றும். ஒரே நாளில் 1,910 இரண்டு முறை வரும்போது போதாது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 12 இலக்கக் குறிப்பெண் ஒன்று இருக்கிறது. செயலியில் ஒரு வரியைத் தட்டி விவரப் பக்கத்தைத் திறந்தால் `UTR` என்றோ `UPI transaction ID` என்றோ தெரியும். இந்த எண்ணுக்கான இடம் வங்கி அட்டைகளுக்காக உருவான ஐஎஸ்ஓ 8583 என்ற தரத்திலிருந்து வந்தது, அதில் அது 37-ஆவது களம். பழக்கப்பட்ட அமைப்பில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 2024 லீப் வருடம் என்பதால் டிசம்பர் 31 அதன் 366-ஆவது நாள், எண் 4366 என்று தொடங்கும். 2025 ஜனவரி 2 என்றால் 5002. எல்லா எண்ணும் இந்த அமைப்பில் வருவதில்லை என்பதால் இதைத் தேதிக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் படத்தில் ஆண்டு இல்லாமல் தடுமாறும்போது, எழுதிய தேதியும் இந்த நான்கு இலக்கமும் ஒத்துப்போனால் ஒரு பிடிமானம் கிடைக்கும்.

பட்டியல் திரையில் இந்த எண் வழக்கமாக இருக்காது. விவரப் பக்கத்தைத் தனித்தனியாகத் திறந்தால்தான் கிடைக்கும். சந்தேகமான வரிகளுக்கு மட்டும், அதாவது `Failed`, `Pending`, ஒரே தொகை இரண்டு முறை, இவற்றுக்கு மட்டும் விவரப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குகிறேன். எக்செலில் எழுதும்போது அந்தக் கட்டத்தை முதலிலேயே எழுத்துக் கட்டமாக மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் 12 இலக்கம் `4.36612E+11` என்று சுருங்கித் தெரியும், அதைக் கண்ணால் ஒப்பிட முடியாது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு கேள்வி நியாயமாக எழும். வங்கி ஸ்டேட்மென்ட் இருக்கும்போது படத்தை ஏன் எழுத வேண்டும்? நூறு வரிக்கு மேல் இருந்தால் எழுதவே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. வங்கியின் இணையதளத்திலிருந்து எக்செலாகவே ஸ்டேட்மென்டை இறக்கிக்கொள்ளலாம். பல செயலிகளிலும் ஸ்டேட்மென்ட் இறக்கும் வசதி உண்டு. அங்கே தேதியில் ஆண்டு இருக்கும், எண் எண்ணாகவே இருக்கும். ஆனால் வங்கி ஸ்டேட்மென்டில் பணம் எடுபடாமல் தோற்ற முயற்சி இருக்காது. பெயர் பாதியாக வெட்டுப்பட்டு 12 இலக்க எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தச் செலவு எதற்காக என்பது வாடிக்கையாளர் கண்ட திரையிலிருந்துதான் புரியும். அதனால் கணக்கு வங்கி ஸ்டேட்மென்டிலிருந்து எழுதப்பட வேண்டும், படத்திலிருந்து எழுதிய வரிசை அதற்குப் பக்கத்தில் துணையாக இருக்க வேண்டும். 'குறியில்லை' என்று எழுதிய நான்கு வரிகளும் ஸ்டேட்மென்டில் பொருந்திய பிறகுதான் அவற்றை வெற்றி என்று மாற்றினேன். போனது 1,480, 1,910, 2,365, ஆக 5,755. வந்தது 3,000.

கடைகளில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. வாடிக்கையாளர் நீட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தே பணம் வந்துவிட்டது என்று பேரேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பணம் வந்தது போன்ற படத்தை உருவாக்கிக் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன, கடைக்காரர்கள் ஏமாந்திருக்கிறார்கள். வரவு வரியை எப்போதும் தன் கணக்கின் பக்கத்திலிருந்தே எழுத வேண்டும், எதிராளியின் படத்திலிருந்து எழுதக்கூடாது.

கணக்கெழுத யாருக்காவது படம் அனுப்பப் போகிறீர்கள் என்றால் உங்களிடம் நான்கு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், எழுத்து மங்காது, போன் வைத்த தேதிப் பெயரும் அப்படியே வரும். ஒரு படத்தின் கடைசி இரண்டு வரிகள் அடுத்த படத்திலும் வரும்படி பிடியுங்கள். நிலுவை என்று இருக்கும் வரியை ஒரு வாரம் கழித்துத் திறந்து இன்னொரு முறை படம் பிடித்து அனுப்புங்கள். அந்த மாத வங்கி ஸ்டேட்மென்டையும் கூடவே சேர்த்து அனுப்பிவிடுங்கள்.